"எங்கள் வீடு உங்கள் வீடு" என்று எழுதலாமா?

கண்டியைச் சுற்றி நமது ஆட்கள் பலர் இப்போது வீட்டின் மேல்மாடியில் இரண்டு மூன்று அறைகளைக் கட்டி கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார்கள். அறை, கட்டில், சுடுநீர் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் பயணிக்கு அனுப்பும் முதல் மெசேஜில்தான் பலர் சறுக்குகிறார்கள். அம்பிட்டிய பக்கம் எங்கள் ராத்தாவும் மச்சானும் நடத்தும் நான்கு அறை வீட்டில் நடந்ததை, அவர்களுடைய சம்மதத்துடன் எழுதுகிறோம்.

மச்சான் முதலில் அனுப்பிய மெசேஜ் ஏதோ ஒரு பெரிய ஹோட்டலுடையதைப் பார்த்து எழுதியது. "மதிப்புக்குரிய விருந்தினரே, எமது விருந்தகத்தைத் தெரிவு செய்தமைக்கு நன்றி. தங்களது வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கின்றோம்" என்ற தோரணையில் ஆங்கிலத்தில் இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதை வாசிப்பவர் வரவேற்பு மேசையும் இரவு முழுக்க விழித்திருக்கும் ஊழியரும் இருப்பதாகத்தான் நினைப்பார். அப்படி நினைத்த ஒரு தம்பதி இரவு பதினொன்றரைக்கு வந்து பூட்டிய கேற்றுக்கு முன்னால் நின்றார்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மச்சான் போனை எடுக்க இருபது நிமிடம் ஆனது.

அதன் பிறகு மூத்த மகன் மெசேஜை மாற்றினார். "ஹலோ மை டியர்! எங்கள் வீடு உங்கள் வீடு. எதற்கும் யோசிக்க வேண்டாம், சாப்பாட்டுக்கு விரும்பியதைத் தாருங்கள்." அன்பு நிறைய இருந்தது. பிரச்சினையும் நிறைய வந்தது.

முதலாவது, "மை டியர்". நாம் பள்ளியில் கடிதம் எழுதப் பழக்கும்போது "டியர் சேர்" என்று தொடங்கச் சொல்லிக் கொடுக்கிறோம். அதனால் "டியர்" மரியாதைச் சொல் என்று மனதில் பதிந்துவிடுகிறது. பெயருக்கு முன்னால் வந்தால் அது மரியாதைதான். ஆனால் "ஹலோ டியர்", "மை டியர்" என்று தனியாக வந்தால் நெருங்கிய உறவுக்காரர் பேசுவது போல் ஆகிவிடும். தனியாகப் பயணம் செய்யும் ஒரு பெண்ணுக்கு, முகம் தெரியாத ஆணின் நம்பரிலிருந்து இரவு பத்து மணிக்கு அது வந்தால் அவர் என்ன நினைப்பார்? நமது பிள்ளைக்கு அப்படி ஒரு மெசேஜ் வந்தால் நாம் சும்மா இருப்போமா? ஒரு பெண் காரணம் சொல்லாமலே புக்கிங்கை ரத்துச் செய்தார். இதனால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தச் சொல்லை அன்றே எடுக்கச் சொன்னோம்.

இரண்டாவது, "விரும்பியதைத் தாருங்கள்". இரண்டு பேர் மூன்று காலை சாப்பிட்டார்கள். ஆப்பம், பருப்பு, முட்டை, பழம் எல்லாம் வைத்து ஆளுக்கு 1,500 ரூபாய் என்பது ராத்தாவின் மனக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 9,000 ரூபாய். அவர்கள் போகும்போது 2,000 ரூபாயை நன்றியோடு மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, சொன்னதைத்தான் செய்தார்கள். மனத்தாங்கல் ராத்தாவுக்கு மட்டும்தான்.

மூன்றாவது, "எங்கள் வீடு உங்கள் வீடு". தமிழில் இது உபசாரம் என்று நமக்குத் தெரியும். அடுத்த பண்பாட்டுக்காரர் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் கீழ்மாடிக் குளிர்சாதனப் பெட்டியில் பியர் கொண்டுவந்து வைத்தார். தன் வீட்டில் வைக்கலாம்தானே!

அப்படியானால் மீண்டும் ஹோட்டல் தோரணைக்கே போக வேண்டுமா? எங்கள் கருத்து வேறு. முழு மெசேஜுக்கும் ஒரே தொனியைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு வசனமும் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். காசு, நேரம், வழி, வீட்டு ஒழுங்கு ஆகிய நான்கும் நேராக, எண்ணோடு, உபசாரமில்லாமல் இருக்கட்டும். ஆளை அழைப்பதும், வீட்டில் யார் இருக்கிறோம் என்று சொல்வதும் அன்பாக இருக்கட்டும். விருந்தினரைக் கண்ணியப்படுத்தச் சொன்ன நமது மார்க்கம்தான் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சொன்னது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

இப்போது ராத்தா அனுப்பும் மெசேஜின் தமிழ் வடிவம் இது:

"வணக்கம், (பெயர்). நான் இந்த வீட்டு அம்மா. கணவரும் இரண்டு பிள்ளைகளும் நானும் கீழ்மாடியில் இருக்கிறோம். அறை பகல் 2 மணிக்குத் தயார். இரவு 10 மணிக்குக் கேற்றைப் பூட்டுவோம். பிந்தி வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், விழித்திருப்போம். புகையிரத நிலையத்திலிருந்து முச்சக்கர வண்டியில் வரலாம். வழி தெரியாவிட்டால் சாரதியிடம் போனைக் கொடுங்கள், நாங்கள் பேசுகிறோம். காலைச் சாப்பாடு ஆளுக்கு 1,500 ரூபாய், முதல் நாள் இரவு 8 மணிக்குள் சொல்ல வேண்டும். வந்ததும் பாஸ்போர்ட் விபரம் பதிவோம். நீங்கள் வரும்போது தேநீர் தயாராக இருக்கும்."

கடைசி வசனம் ஒன்றில்தான் உபசாரம் இருக்கிறது. ஆனால் வந்தவர்கள் பலர் ராத்தாவிடம் முதலில் கேட்பது அந்தத் தேநீரைத்தான். செய்ய முடிந்த ஒன்றைச் சொன்னதால்தான் அது மனதில் நிற்கிறது. "பிந்தி வந்தால் விழித்திருப்போம்" என்பதும் அப்படித்தான். அது நேர ஒழுங்கு, அதற்குள்ளேயே அன்பும் இருக்கிறது.

மதுபானம் பற்றி இதில் ஒன்றும் இல்லையே என்று கேட்பீர்கள். அதை வரவேற்பு மெசேஜில் போடக்கூடாது. காசு கட்டிய பிறகு சொன்னால் அது வரவேற்பாக இருக்காது, தடையாகத்தான் தெரியும். புக்கிங் செய்யும் பக்கத்திலேயே, அறையின் விபரத்தோடு எழுதிவிட வேண்டும். "கண்டிப்பாகத் தடை" என்று பெரிய எழுத்தில் போடவும் தேவையில்லை. "இது பிள்ளைகளுள்ள முஸ்லிம் குடும்ப வீடு. வீட்டிலும் அறையிலும் மதுபானம் பாவிப்பதில்லை. சாப்பாடு ஹலால்" என்றால் போதும். காரணம் சொன்னால் பெரும்பாலானவர்கள் மதிப்பார்கள். விருப்பமில்லாதவர் வேறு இடம் பார்ப்பார், அதுவும் இருவருக்கும் நல்லது.

இன்னொரு விடயம். வட்ஸ்அப் பிஸ்னஸில் Greeting message என்று ஒன்று இருக்கிறது. புதிதாக எழுதுபவருக்கும், 14 நாட்களாகத் தொடர்பு இல்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் அது தானாகவே போகும். மகன் அன்பான வரவேற்பை அதில் போட்டு வைத்திருந்தார். மூன்று வாரத்துக்கு முன் தங்கிப் போனவர், மறந்துவிட்ட சார்ஜரைப் பற்றிக் கேட்டு எழுதினார். அவருக்கு "வருக, உங்களைக் காண ஆவலாக இருக்கிறோம்" என்று போய்விட்டது. ஆகவே தானாகப் போவது நிதானமாக இருக்கட்டும்: "மெசேஜ் கிடைத்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் தருவோம். வெள்ளிக்கிழமை 12 மணியிலிருந்து 1.30 வரை தாமதமாகலாம்." அன்பைக் கையால் எழுதுவோம்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வருபவருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். அப்போதும் "தங்களது வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கின்றோம்" வேண்டாம், "வாங்க, வாங்க" என்று நாடகமும் வேண்டாம். "வாருங்கள், அறை தயாராக இருக்கிறது" என்றாலே நம் வீட்டுப் பேச்சின் மரியாதை வந்துவிடும்.

பெரஹர காலத்தில் மட்டும் ஒரு வசனம் கூடுதலாக வேண்டும். மாலையில் நகர வீதிகள் மூடப்படும், அதனால் எத்தனை மணிக்கு முன் வந்து சேர வேண்டும் என்பதை எழுதுங்கள். அதில் உபசாரம் தேவையில்லை, நேரம் சரியாக இருந்தால் போதும்.

அறை நடத்தும் சகோதர சகோதரிகள் நீங்கள் அனுப்பும் மெசேஜைக் கீழே போடுங்கள். விருந்தினர் பெயரையும் நம்பரையும் எடுத்துவிட்டுப் போடுங்கள். எந்த வசனம் பிரச்சினை தந்தது என்பதையும் சொல்லுங்கள், சேர்ந்து திருத்துவோம்.