இருமத் தேடலின் நடுப்புள்ளி: ஒரு மறுப்பு

இருமத் தேடல் சரியென நிரூபிக்கப்பட்டுவிட்டது, அதன் நடுப்புள்ளியை `(low + high) / 2` என்று எழுதினால் போதும் என்ற கூற்று பாடநூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தக் கூற்று தவறு.

முதலில், நிரூபணம். ஜான் பென்ட்லி தமது ‘ப்ரோகிராமிங் பேர்ல்ஸ்’ நூலில் இந்த நிரலுக்கு நிரூபணம் தந்தார். அந்த நிரூபணத்தில் முழு எண்களுக்கு எல்லை இல்லை. கணினியிலோ குறியுள்ள 32 பிட் எண் 2147483647 வரைதான் போகும்; low + high அதைத் தாண்டிவிடலாம். ஜாவாவின் நூலக நிரலில் ஆண்டுக்கணக்கில் இருந்த இதே பிழையை 2006இல் ஜோஷுவா பிளாக் வெளிப்படையாக எழுதினார். அந்த நிரலை எழுதியவரும் அவரே.

அடுத்து, நடைமுறையில் இது நேராது என்ற வாதம். நூறு கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் கொண்ட அணிகள் இன்று சாதாரண நினைவகத்திலேயே அடங்குகின்றன.

மூன்றாவது வாதமே முக்கியமானது: பிழை எண்வகையைச் சேர்ந்தது, வழிமுறையைச் சேர்ந்ததன்று என்கிறார்கள். வரிசைப்படுத்திய அணிக்குள் ஒரு மரம் மறைந்திருப்பதைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. 0 முதல் 6 வரை சுட்டெண் கொண்ட அணியில் 3 வேர். 1, 5 அதன் பிள்ளைகள். 0, 2, 4, 6 இலைகள். ஒவ்வொரு தேடலும் வேரிலிருந்து கீழிறங்கும் ஒரு பாதை. low, high இரண்டும் ஒரு துணைமரத்தின் எல்லைகள். நடுப்புள்ளி அதன் வேர். அந்த வேர், துணைமரத்தின் தொடக்கத்திலிருந்து அதன் நீளத்தில் பாதி தள்ளி இருக்கிறது. இரண்டு எல்லைகளின் கூட்டுத்தொகைக்கு மரத்தில் எந்தப் பொருளும் இல்லை.

பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் மரமே காட்டுகிறது. 1073741825 உறுப்புகள் கொண்ட அணியில் கடைசி உறுப்பைத் தேடினால், பாதை எப்போதும் வலப்பக்கமே இறங்கும். 30 படிகள் சரியாக நடக்கும். 31ஆம் படியில் low, high இரண்டும் 1073741824 ஆகின்றன. கூட்டுத்தொகையான 2147483648 எல்லையைத் தாண்டி எதிர்மறையாகிறது. அதன் பாதி −1073741824. ஜாவா உடனே சுட்டெண் பிழை எழுப்பும். சி மொழியில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. மரத்தின் மற்ற எல்லாக் கணுக்களிலும் கூட்டல் சரியாகவே இருக்கும். சிறிய அணிகளில் செய்யும் சோதனை இந்தப் பிழையை ஒருபோதும் காட்டாது.

மரத்தின் கணக்கை அப்படியே எழுதினால் பிழைக்கு இடமில்லை:

```
mid = low + (high - low) / 2
```

சுட்டெண்கள் எதிர்மறையாகாத வரை இது high-ஐத் தாண்டாது.