ரோவில் பக்கம்: கையெழுத்தைக் காசாக்கிறது

நம்ம ஆக்களிட்ட 'உண்டியல்' எண்டா ஊருக்குக் காசு அனுப்பிறதுதான். வியாபாரிகளின் மாற்றுண்டியல் வேறு. ஆஸ்திரேலியாவில் அதற்கு 1909இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

டாண்டெனோங்கில் ஒரு கடைக்காரர் 10,000 டொலருக்குக் கடனாக அரிசி எடுக்கிறார் எண்டு வையுங்கோ. அரிசி வித்தவர், "90 நாளில் 10,000 டொலர் தரவும்" என்று எழுதி நீட்டுகிறார். கடைக்காரர் அதன் முகப்பில் ஏற்றுக் கையெழுத்துப் போடுகிறார். அதுவரை அது வெறும் கேள்வி. இனி அவருடைய கடன்.

வித்தவருக்குக் காசு இண்டைக்கே வேணும். பின்பக்கத்தில் கையெழுத்திட்டு வங்கியில் கொடுக்கிறார். வங்கி ஆண்டுக்கு 8 வீதம் கழிக்கும் எண்டால், 90 நாளுக்கு ஏறத்தாழ 197 டொலர். அதை முன்கூட்டியே கழித்து 9,803 டொலர் கொடுக்கும். இதுதான் கழிவு செய்தல். தவணை நாளில் முழுத் தொகையையும் கடைக்காரரிடம் வங்கியே வாங்கிக்கொள்ளும்.

பலர் கவனிக்காத இடம் அந்தப் பின்பக்கக் கையெழுத்து. கடைக்காரர் பணம் கட்டாவிட்டால், வங்கி உடனே அறிவித்தல் கொடுத்து வித்தவரிடமே 10,000 டொலரையும் கேட்கலாம். 'எனக்குப் பொறுப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டால் தப்பலாம். ஆனால் அப்படிப்பட்ட உண்டியலை எந்த வங்கி லேசில வாங்கும்? அதனால்தான் வங்கி கடைக்காரரை மட்டுமில்லை, வித்தவரையும் எடைபோடுது.