பெருக்காதீர்கள், முதலில் கழியுங்கள்



நம்ம திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பக்கம் வெல்டிங், ஃபிட்டிங், ரிக்கிங் என்று கைத்தொழில் கற்றுக்கொண்டு துபாய், ஷார்ஜா போன பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. அவர்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "அவ்ளோ சம்பளம் வாங்குறான் டீச்சர், இவ்ளோதான் அனுப்புறான்." இந்தப் பேச்சில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. அதனால் அங்கே பிள்ளையின் சாப்பாடு குறைகிறது, இங்கே கடன் அடையாமல் நிற்கிறது. அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பிழை இதுதான். மாதம் 1,800 திர்ஹம் சம்பளம் என்று கேட்டவுடன் நாம் 23-ஆல் பெருக்கிவிடுகிறோம். 41,400 ரூபாய் என்று விடை வருகிறது. பெருக்கல் சரிதான், ஆனால் முதலில் செய்யவேண்டியது கழித்தல். அவன் திர்ஹமில் சம்பாதிக்கிறான், திர்ஹமிலேயே தூங்குகிறான், சாப்பிடுகிறான், முடி வெட்டுகிறான். அதெல்லாம் போக மிச்சம் எவ்வளவோ அதை மட்டும்தான் ரூபாயாகப் பெருக்கவேண்டும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையனின் கணக்கை அவன் சம்மதத்தோடு சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஷார்ஜாவில் வெல்டர். 1,800 திர்ஹம், எல்லாம் சேர்த்து. தங்க இடம் கம்பெனி தரவில்லை. ஓர் அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். அதில் ஒரு கட்டிலுக்குத்தான் வாடகை. அங்கே அதற்குப் பெயர் 'பெட் ஸ்பேஸ்'. தண்ணீர், கரண்ட், வைஃபை சேர்த்து 400. சாப்பாட்டுக்கு 280. போன் 50. வெளியில் குடிக்கும் டீ, கடிக்கும் சமோசா 80. சோப்பு, முடிவெட்டு, மாத்திரை 60. லீவு நாளில் பஸ் ஏறி வெளியே போய் வர 30. கூட்டினால் 900. வேலைக்குக் கம்பெனி பஸ் இருப்பதால் அந்தச் செலவு இல்லை.

ஆக, 1,800-இல் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மீதி 900-இல் 150 அவன் கையில் நிற்கவேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அனுப்பும் கட்டணம் 20 போக, வீட்டுக்கு வருவது 730 திர்ஹம். இப்போது 23-ஆல் பெருக்குங்கள். 16,790 ரூபாய். 41,400 என்று மனதில் வைத்திருந்த அம்மாவுக்கு இது பாதிகூட இல்லை. பிள்ளை மறைக்கிறான் என்று தோன்றுகிறது. மறைக்கவில்லை.

சரி, இந்த 900-ஐக் குறைக்க முடியாதா? வாடகையில் கை வைக்க முடியாது. அதனால் எல்லோரும் முதலில் கை வைப்பது சாப்பாட்டில். அந்த அறையில் மெஸ் எப்படி நடக்கிறது என்று கேட்டேன். எட்டுப் பேரும் சேர்ந்து அரிசி, பருப்பு, எண்ணெய், கோழி, காய், கேஸ் வாங்குகிறார்கள். செலவை நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் எட்டால் வகுக்கிறார்கள். போன மாதம் மொத்தம் 2,240, தலைக்கு 280. முறை வைத்துச் சமையல். மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே டப்பாவில் கட்டிக்கொண்டு போகிறார்கள். தலைக்கு ஒரு நாளுக்குப் பத்து திர்ஹம்கூட ஆகவில்லை. இதைவிடச் சிக்கனமாக ஒரு உழைப்பாளி சாப்பிட முடியாது.

மெஸ்ஸிலிருந்து விலகி, "ரொட்டியும் தயிரும் போதும்" என்று தனியே சாப்பிடும் பையன்களும் உண்டு. மாதம் நூறு திர்ஹம் மிச்சமாகும். ஆனால் அங்கே வெயில் எப்படிப்பட்டது? ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று அந்த நாட்டு அரசே விதி வைத்திருக்கிறது. அந்த வெயிலில் அரை வயிற்றோடு வெல்டிங் பிடித்தால் மயக்கம் வரும். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் பிடித்தால் ஒரு நாளைக்கு 60 திர்ஹம் போகும். இரண்டு நாள் படுத்தால் மிச்சம் பிடித்த நூறும் போய், மேலே இருபதும் போய்விடும். அந்த 80 திர்ஹம் டீ, சமோசாவையும் வெட்டச் சொல்லாதீர்கள். நாளைக்கு மூன்று திர்ஹம். அந்த வாழ்க்கையில் அவன் தனக்கென்று செலவழிப்பது அது ஒன்றுதான்.

போன் விஷயத்தில் வீட்டுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுத்து, படம், குரல்பதிவு எல்லாம் போகும். ஆனால் வாட்ஸ்அப் அழைப்பு, வீடியோ அழைப்பு போகாது. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேசவேண்டும். "ஏன்டா வாட்ஸ்அப்ல வரமாட்டேங்குற" என்று கோபிக்காதீர்கள். வேறு குறுக்கு வழியில் பேசச் சொல்லித் தூண்டவும் வேண்டாம். அங்கே சட்டம் கடுமை. வாரத்தில் இரண்டு நாள், நேரம் குறித்துப் பேசுங்கள். மற்ற நாட்களில் இரண்டு நிமிடக் குரல்பதிவு போதும். எட்டுப் பேர் இருக்கும் அறையில் அவன் மனம்விட்டுப் பேச முடியாது. குரல்பதிவை வராந்தாவில் நின்று தனியாகக் கேட்டுக்கொள்வான்.

அடுத்து, பணம் அனுப்பும் முறை. எக்ஸ்சேஞ்சில் ஒரு தடவைக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம். 730 அனுப்பினாலும் 20, 180 அனுப்பினாலும் 20. வாரா வாரம் "அவசரம், கொஞ்சம் போடு" என்று கேட்டு நாலு தடவை வாங்கினால் 80 திர்ஹம், அதாவது 1,840 ரூபாய், கட்டணத்துக்கே போகும். மாதம் ஒரு தடவை, சம்பளம் வந்த மறுநாள், அவ்வளவுதான்.

"ரேட் ஏறட்டும்" என்று காத்திருப்பதும் வீண். 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். டாலருக்கு எதிராக நம் ரூபாய் சரியும்போதுதான் இங்கே கூடுதலாக வருகிறது. பத்துப் பைசா ஏறினால் 730 திர்ஹமுக்குக் கிடைப்பது 73 ரூபாய். அதற்காக வட்டி கட்டும் தேதியைத் தவறவிடலாமா? இரண்டு எக்ஸ்சேஞ்சை ஒப்பிடும்போதும் ரேட்டை மட்டும் கேட்டால் போதாது. "கட்டணத்தோடு சேர்த்து 750 திர்ஹம் கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் விழும்?" என்று கேட்கவேண்டும். ஒரே கேள்வி, ஒரே விடை.

இப்போது கடனுக்கு வருகிறேன். இந்தப் பையன் போவதற்கு 1,20,000 ரூபாய் ஆனது. பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். இனிமேல் போகிறவர்கள் ரசீது கேளுங்கள், ஏஜென்டின் பதிவை இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். ஆனால் இவன் வீட்டில் கொடுத்தாகிவிட்டது. மூன்று வட்டிக்கு வாங்கினார்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். மாதம் 3,600 வட்டி.

வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே போனால் விசாவின் இரண்டு வருடத்தில் 86,400 ரூபாய் கட்டியிருப்பார்கள். கடன் அதே 1,20,000 நிற்கும். அப்பாவின் ஷேர் ஆட்டோ வருமானத்தில் முன்போலவே வீட்டை ஓட்டிக்கொண்டு, வரும் 16,790-இல் 8,600-ஐ முதலில் கடனுக்கு எடுத்துவைத்தால்? முதல் மாதம் வட்டி 3,600, அசலில் 5,000 குறையும். அடுத்த மாதம் வட்டி 3,450 ஆகிவிடும். இப்படியே போனால் பத்தொன்பதாவது மாதம் கடன் தீரும். மொத்த வட்டி சுமார் 38,000. பாதிக்கும் குறைவு! விசா முடிய ஐந்து மாதம் மிச்சம் இருக்கும். அந்த மாதங்களில் வருவதுதான் உண்மையான சேமிப்பு. ஆனால், அசலையும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்வதாகக் கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு தடவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த 150 எதற்கு என்று சொல்கிறேன். ஆறு மாதத்தில் அது 900 ஆகும். அதாவது அவன் ஒரு மாதம் சம்பளமே வராமல் வாழும் தொகை. சம்பளம் தாமதமானாலும், பல் வலித்தாலும் அறைத்தோழனிடம் கைமாற்று கேட்கவேண்டியதில்லை. 900 சேர்ந்த பிறகு அந்த 150-ஐ ஊர் வரும் செலவுக்குச் சேர்க்கலாம். இந்தப் பணம் அவனிடம்தான் இருக்கவேண்டும். இங்கே அனுப்பிவிட்டால் அது செலவாகிவிடும். எனக்கும் நம் வீடுகள் தெரியும்.

கணக்கு கெட்டுப்போவதை எப்படிக் கண்டுபிடிப்பது? வழக்கத்தைவிடக் குறைவாக வந்தால் பயப்படுகிறோம். கூடுதலாக வந்தால்தான் பயப்படவேண்டும். இந்தப் பையன் போன ஒரு மாதத்தில், அக்கா மகளின் காதுகுத்துக்கு 1,200 திர்ஹம் அனுப்பினான். தாய்மாமன் சீர் அல்லவா, எல்லோருக்கும் சந்தோஷம். யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 730-க்கு மேலே இருந்த 470 அறைத்தோழனிடம் வாங்கிய கைமாற்று. அடுத்த இரண்டு மாதம் 235, 235 என்று திருப்பிக் கொடுத்தான். வீட்டுக்கு 495 தான் வந்தது, 11,385 ரூபாய். கடனுக்கு 8,600 எடுத்தால் கையில் 2,785. அதனால் அந்த இரண்டு மாதமும் வட்டி மட்டும் கட்டினார்கள், அசல் அசையவில்லை. ஓவர்டைம் இல்லாத மாதத்தில் கூடுதலாகப் பணம் வந்தால், "எங்கிருந்துடா வந்தது?" என்று கேளுங்கள். ஓவர்டைம் வந்தது என்றால் அதை அப்படியே அசலில் போடுங்கள்.

சீர் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. விசேஷத்துக்கு நாள் குறிக்கும் முன்பே அவனிடம், "உன்னால் எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் தொகைக்குள் விசேஷம் செய்யுங்கள். மாமன் பெரிதாகச் செய்தான் என்று ஊர் ஒரு நாள் பேசும். அதற்கு அவன் இரண்டு மாதம் உழைக்கவேண்டியிருந்தது.

பிள்ளையை வெளிநாட்டில் வைத்திருக்கும் பெற்றோர் இந்த வாரம் பேசும்போது ஒரு தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, மெஸ், போன், டீ, மற்றவை என்று அவன் சொல்லச் சொல்லத் திர்ஹமிலேயே எழுதுங்கள். சவூதி என்றால் ரியால், சிங்கப்பூர் என்றால் வெள்ளி. ரூபாய்க்கு மாற்றாதீர்கள். கழித்து வரும் மிச்சத்துக்குக் கீழே கோடு போட்டு, அதற்கு அப்புறம் பெருக்குங்கள். நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குதான் இது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்