சொன்னது யார், நினைத்தது யார்?

தோட்டத் தொழிலாளியைப் பற்றிய அறிமுகப் பந்தி இன்று ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. ஆண்டு மலர், மே தின வெளியீடு, புகைப்படக் கண்காட்சி என எதை எடுத்தாலும் ஒரு முதிய முகத்தின் படமும் அதன் கீழே பத்து வரிகளும் காணப்படுகின்றன. அந்த வரிகளில் பனி படர்ந்த மலை தவறாது வரும். சோகம் கப்பிய கண்கள் வரும். முகச் சுருக்கங்களிலே நூற்றாண்டு வரலாறு எழுதப்பட்டிருக்கும். நுவரெலியாப் பெண்ணின் படத்தை எடுத்துவிட்டு ஹட்டன் பெண்ணின் படத்தை வைத்தாலும் பந்தியில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டியதில்லை. இவற்றை எழுதுவோர் தோட்டத்துரையின் ஆட்களாயின் நாம் வியப்படைய மாட்டோம். எழுதுவோர் நம்மவர், முற்போக்காளர், தொழிலாளியின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்பவர். ஆகவேதான் வழக்கு அவர்களோடு.

ஓர் எடுத்துக்காட்டைப் பிரித்துப் பார்ப்போம். ஹட்டனை அடுத்த ஒரு தோட்டத்தில், கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணியை இளைஞர் ஒருவர் பேட்டி கண்டார். கைத்தொலைபேசியில் நாற்பத்தொரு நிமிட ஒலிப்பதிவு. அதிலிருந்து ஒரு மலரில் வெளிவந்த பந்தி இது: “இந்தியாவிலிருந்து வந்து இம்மலைகளுக்கு உரமான இம்மூதாட்டி, பத்து வயதிலேயே கூடை சுமக்க விரட்டப்பட்டார். தம் வாழ்வு முழுவதும் துன்பமே என்கிறார். மறைந்த கணவரைப் பற்றிக் கேட்டபோது துயரத்தால் அவருக்கு நா எழவில்லை. அவர் கண்களில் தேங்கிய சோகமே மலையகத்தின் வரலாறு.”

அந்த இளைஞர் நம்மிடம் படித்தவர். பதிவை ஒளிக்காமல் நம்மிடம் கொடுத்தார். பந்தியை ஒரு கையிலும் பதிவை மறு கையிலும் வைத்துக்கொண்டு நாம் இருவரும் கேட்டோம்.

முதல் வாக்கியம். பதிவில் அந்த அம்மையார் சொல்வது: “எங்க தாத்தா திருச்சிப் பக்கமிருந்து வந்தவரு. அப்பாவும் இங்கனதான் பொறந்தாரு, நானும் இங்கனதான்.” வந்தவர் பாட்டனார், பந்தியிலோ பேத்தியே கப்பலேறி வந்துவிட்டார்! இதைச் சிறு கைப்பிழை என்று வேறு எந்த நாட்டிலாவது தள்ளிவிடலாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மண்ணிலே பிறந்தவனிடம் “உன் தந்தை எங்கே பிறந்தான்?” என்று கேட்டது. அதற்குச் சான்று காட்ட இயலாமல் இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து அவர்களில் ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை அங்கும் மூன்று இலட்சம் பேரை இங்கும் எனப் பங்கு பிரித்தனர். மீதியாயிருந்தோருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வழி பிறந்தது. பிறந்த இடம் என்ற ஒரே விடயத்துக்காக அரை நூற்றாண்டு அலைக்கழிக்கப்பட்ட சமூகத்திலே ஒருவர் தம் வாயால் “இங்கனதான்” என்று சொல்லியிருக்க, அவருடைய நண்பன் அதை “இந்தியாவிலிருந்து வந்து” என்று எழுதுகிறான். அவன் பகையால் எழுதவில்லை. காதில் விழுந்ததை எழுதாமல் மனத்தில் முன்பே இருந்ததை எழுதினான்.

பத்து வயதில் விரட்டப்பட்டதாகக் கூறும் பகுதியை அடுத்துப் பார்ப்போம். பதிவில் இருப்பது: பத்து வயதில் அவர் மலையில் நின்ற தாய்க்குத் தேத்தண்ணீர் கொண்டு போவார், போன இடத்தில் இரண்டு கொழுந்தைக் கிள்ளித் தாயின் கூடையில் போடுவார். பேர் பதிந்தது “பஞ்சத்துக்கு அப்புறம்”. எந்தப் பஞ்சம்? தோட்டங்களிலே பட்டினிச் சாவு விழுந்த 1974 என்று நாம் ஊகிக்கிறோம். அவர் ஆண்டு சொல்லவில்லை. வயதைப் பற்றி அவர் சொன்னது இன்னும் கவனிக்கத்தக்கது: “ஒப்பந்தம் போட்டப்ப நா கைப்புள்ளையாம்.” அடையாள அட்டையிலோ 1961 சனவரி 1 என்று இருக்கிறது. ஒப்பந்தம் 1964 ஒக்டோபரில் கைச்சாத்தாயிற்று. அட்டையை நம்பினால் அப்போது அவருக்கு மூன்று வயது கடந்திருக்கும். ஆண்டு மட்டும் தெரிந்தவருக்குச் சனவரி முதலாந் தேதியைப் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை அறிந்தவர்கள் அட்டையை வேதவாக்காகக் கொள்ளமாட்டார்கள். இவ்விடத்தில் எழுதுவோன் நீதிபதியாக வேண்டியதில்லை. “அட்டையில் 1961, ஒப்பந்தக் காலத்தில் தாம் கைக்குழந்தை எனத் தாய் சொல்லக் கேட்டதாகக் கூறுகிறார்” என்று இரண்டையும் வைத்தால் போதும்.

“கைப்புள்ளையாம்” என்பதில் உள்ள அந்த ‘ஆம்’ என்ற ஓரசையைப் பாருங்கள். தாம் நேரே அறிந்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பள்ளிக்கூடம் அதிகம் காணாத அந்த அம்மையார் தம் பேச்சிலேயே பிரித்துக் காட்டுகிறார். தமிழ் படித்தவன் எழுதும்போது அந்த அசை உதிர்ந்துபோகிறது. வகுப்பிலே நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றச் சொல்லிப் புள்ளி போடுகிறோம். ‘என்றார்’, ‘ஆம்’, ‘போலும்’ ஆகிய மூன்றும் மூன்று வகைப் பொறுப்பு என்பதை மட்டும் நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

“வாழ்வு முழுவதும் துன்பமே என்கிறார்.” இந்த வாக்கியத்தைத் தேடிப் பதிவை இருமுறை ஓட்டினோம். கிடைத்தது இதுதான். இளைஞர்: “அப்ப உங்க வாழ்க்கையே கஷ்டந்தானேம்மா?” அம்மையார்: “ம்.” அந்த ‘ம்’ ஒரு கூற்றாகாது. வீடு தேடி வந்த தம்பியை மறுத்துப் பேசலாகாது என்ற மரியாதைக்கும் அதுவே விடை; “மேலே சொல்லு” என்பதற்கும் அதுவே விடை. கேள்வியிலே இருந்த சொல்லை எடுத்து விடையாளியின் வாயிலே வைப்பது பேட்டி எழுத்தில் நடக்கும் களவுகளில் மிகச் சாதாரணமானது. அதைக் கண்டுபிடிக்கும் வழியும் எளிது. பந்தியில் ‘என்கிறார்’ என்று வரும் ஒவ்வோர் இடத்திலும், அதன் முக்கியச் சொல்லைப் பதிவில் முதலில் உச்சரித்தவர் யார் என்று பார்க்க வேண்டும். பேட்டி கண்டவரே என்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிடலாம்.

கணவரைப் பற்றிய மௌனமோ நகைப்புக்குரியது. பதிவில் இருபது விநாடி பேச்சில்லை, உண்மைதான். ஆனால் கேத்தல் மூடி துள்ளும் ஓசையும், அவர் எழுந்து நடக்கும் ஓசையும், நீர் ஊற்றும் ஓசையும் தெளிவாகவே கேட்கின்றன. திரும்பி வந்தவர், “அவரு கவ்வாத்துக்காரரு. கத்தி பிடிச்சா அவர மிஞ்ச இந்தத் தோட்டத்துல ஆளில்ல தம்பி” என்று சொல்லிச் சிரிக்கிறார். வீட்டிலே போய் நினைவிலிருந்து எழுதியபோது இளைஞருக்கு மௌனம் நினைவிருந்தது, கேத்தல் மறந்துபோயிற்று.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் பந்தியில் இல்லாத ஒன்று. நாற்பத்தொரு நிமிடத்தில் ஒன்பது நிமிடம், கேட்காமலே, அந்த அம்மையார் நிறுவையைப் பற்றிப் பேசுகிறார். நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ. குறைந்தால் அரைப் பேர். மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் தண்ணீருக்குமாக இரண்டு கிலோ கழிவு. அவர் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை, நாம் போடுவோம். மூன்று நிறுவையில் ஆறு கிலோ போகிறது. பதினெட்டு எழுதப்பட வேண்டுமானால் இருபத்து நாலு பறிக்க வேண்டும். இந்த ஒன்பது நிமிடத்தையும் விட்டுவிட்டுக் கண்களிலே தேங்கிய சோகத்தை எழுதியிருக்கிறார்கள்! அவர் முன்வைத்தது ஒரு வழக்கு. நாம் அதைக் கேட்காமல் இரக்கத்தைப் பதிலாகக் கொடுத்தோம்.

இனி எழுதும் முறைக்கு வருவோம். பதிவை முதலில் முழுதும் சொல்லுக்குச் சொல் எழுத்தில் இறக்க வேண்டும். ‘இங்கன’வை ‘இங்கே’ ஆக்காமல், கேள்வியையும் விடாமல், நிமிடக் குறியோடு. நாற்பது நிமிடப் பதிவுக்கு நாலைந்து மணி நேரம் செல்லும். அதைத் தவிர்க்கக் குறுக்கு வழி இல்லை. பிறகு ஒரு தாளை மூன்றாகக் கோடிட்டு, சொன்னது, கண்டது, கருதியது எனத் தலைப்பிட வேண்டும். உச்சந்தலையில் மயிர் தேய்ந்திருந்தது கண்டது. கூடைக் கயிற்றால் தேய்ந்தது என்பது, அவர் சொல்லாதவரை, கருதியது. நாம் போட்ட இருபத்து நாலு கிலோக் கணக்கும் கருதியதின் கீழேதான் நிற்க வேண்டும். பேட்டி முடிந்த அன்றே, மறக்குமுன், கண்டதை எழுதிவிடுதல் நலம். ஒலிப்பதிவுக்குக் கண் கிடையாது.

இவ்வாறு அந்த இளைஞர் திருத்தி எழுதிய பந்தி இது: “பாட்டனார் திருச்சிப் பக்கமிருந்து வந்தவர் என்றும், தந்தையும் தாமும் இத்தோட்டத்திலேயே பிறந்தவர்கள் என்றும் கூறுகிறார். அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு 1961. ஒப்பந்தம் கைச்சாத்தானபோது தாம் கைக்குழந்தை எனத் தாய் சொல்லக் கேட்டிருக்கிறார். பஞ்சத்துக்குப் பிறகு பேர் பதிந்து, ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தார். கணவர் கவ்வாத்து வெட்டுவதில் நிகரற்றவர் என்கிறார். பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் அரைப் பேர் என்றும், மூன்று நிறுவையிலும் இரண்டு கிலோ கழிக்கப்பட்டது என்றும் சொல்கிறார். அப்படியாயின் பதினெட்டுக்கு இருபத்து நாலு பறித்திருக்க வேண்டும் என்பது எம் கணக்கு. கணவரைப் பற்றிப் பேசியபோது சிரித்தார். நிறுவையைப் பற்றிப் பேசியபோதுதான் அவர் குரல் உயர்ந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை போலும் என எமக்குத் தோன்றியது.”

இதில் எழுதுவோனின் உணர்ச்சி சாகவில்லை என்பதைக் காண்க. கடைசி வாக்கியத்தில், தன் பெயரோடு, ‘போலும்’ என்ற காவலோடு நிற்கிறது. குரல் உயர்ந்தது காதால் கேட்டது. ஆறவில்லை என்பது கருதியது.

இது உயிரற்ற எழுத்து, நடுநிலை என்ற பெயரில் முதலாளிக்குத் துணைபோகும் எழுத்து என நண்பர்கள் சிலர் சீறுகிறார்கள். சி.வி. வேலுப்பிள்ளையை மேற்கோள் காட்டி, அவர் மூன்று கட்டம் கோடிட்டா எழுதினார் என்றும் கேட்கிறார்கள். மடகொம்பறைத் தோட்டத்திலே பிறந்து, 1947இல் தலவாக்கொல்லையிலிருந்து நாடாளுமன்றம் சென்று, தொழிற்சங்கத்திலே உழைத்தவர் தாம் வாழ்ந்ததைத் தம் சொல்லில் எழுதினார். அது ஒருவருடைய ஒலிப்பதிவின் சுருக்கம் என்று அவர் சொல்லவில்லை. நீர் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, பிறர் பெயரில், அவர் வாயில் வைத்து எழுதுகிறீர். முதலாளிக்குத் துணைபோவது எது? நிறுவைக் கழிவைப் பற்றி நாளை ஒரு வாக்குவாதம் எழுந்து, இப்பந்தி மேசைக்கு வந்தால், “இந்தியாவிலிருந்து வந்து” என்ற ஒரு பொய்யைச் சுட்டி மீதி முழுவதையும் கிழித்தெறிய எந்த நிர்வாகிக்கும் ஒரு நிமிடம் போதும். எது அவர் சொன்னது, எது உம் அனுமானம் என்று பிரித்துக் காட்டியிருந்தால், உம் அனுமானம் விழுந்தாலும் அவர் சொல் நிற்கும்.

அச்சுக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை இன்னும் ஒன்று உண்டு: பந்தியைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டல். இளைஞர் மீண்டும் லயத்துக்குப் போய் வாசித்தார். கணவரைப் பற்றிய வரிக்கு அம்மையார் தலையசைத்தார். நிறுவைக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். “ரெண்டு கிலோன்னு மட்டும் போட்டிருக்கியே தம்பி. மழ நாள்ல மூணு, நாலுன்னு கழிச்சத நா சொன்னேனே, அது எங்க?”

பதிவை ஓட்டிப் பார்த்தோம். இருபத்தேழாம் நிமிடத்தில் இருந்தது.