நாற்பத்தேழாம் நம்பர் படிவம்

என் நண்பன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பர்சனல் டிபார்ட்மெண்ட்டில் இருக்கிறான். ஹெச்.ஆர். என்று சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பான். போன மாதம் போன் பண்ணி, "டேய், நீ பி.காம்.தானே? சும்மாத்தானே எழுதிக்கிட்டிருக்கே? 63 பேர் புதுசா சேர்ந்திருக்காங்க. ஃபாரத்தைப் பார்த்து கம்ப்யூட்டர்ல ஏத்தணும், ஒண்ணுக்கு 40 ரூபா" என்றான். 'சும்மா எழுதிக்கொண்டிருப்பது' என்ற சொற்றொடர் வலித்தாலும், 63-ஐ 40-ஆல் பெருக்கியதும் வலி போய்விட்டது.

பெரிய வேலை ஒன்றுமில்லை சார். பாங்க் கணக்கு, நாமினி, ஆபத்துக்கு யாரைக் கூப்பிடுவது, இந்த மூன்றையும் படிவத்திலிருந்து எடுத்து எக்ஸெல்லில் போட வேண்டும். ஆதார், பான் கார்டு, பாஸ்புக் நகலோடு ஒப்பிட்டு, பொருந்தாததற்கு மஞ்சள் வண்ணம் அடிக்க வேண்டும். 28-ம் தேதி சம்பள ஃபைல் பாங்குக்குப் போகும்.

முதல் அடி பத்து நிமிடத்தில் விழுந்தது. 14 இலக்கக் கணக்கு எண்ணை அடித்து என்டர் தட்டினால், கட்டத்தில் `4.12E+13` என்று நிற்கிறது. ராக்கெட் விடுகிற ஆபீசுக்கு வந்துவிட்டேனோ என்று பயந்துவிட்டேன். எக்ஸெல்லுக்கு அது பாங்க் கணக்கு என்று தெரியாது, வெறும் எண். முன்னால் பூஜ்யம் இருந்தால் முழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்ச இலக்கத்தையெல்லாம் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். எனவே அடிப்பதற்கு முன்பே அந்த வரிசை முழுவதையும் `Text` என்று மாற்றி வைக்க வேண்டும். அடித்துவிட்டு மாற்றினால், போன பூஜ்யம் போனதுதான்.

ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணில் இன்னொரு வேடிக்கை. மொத்தம் 11 எழுத்து. அதில் ஐந்தாவது எப்போதுமே பூஜ்யம். நம் பையன்களில் பாதிப் பேர் அதை ஆங்கில 'ஓ' என்று நினைத்து அழகாக வளைத்து எழுதியிருந்தார்கள். இது தெரிந்துவிட்டால் அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம். கண்ணை மூடித் திருத்தலாம் என்றால் அது ஒன்றைத்தான். இந்த வாக்கியத்தின் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அடுத்து இனிஷியல். நமக்கெல்லாம் அப்பா பெயர் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும். ஆதாரில் அது பின்னால் போயிருக்கும். பான் கார்டு விண்ணப்பமோ கடைசிப் பெயரை இனிஷியலாக ஏற்காது, விரித்து எழுது என்கும். சிலர் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக எழுதினார்கள், சிலர் தன் பெயரையே எழுதினார்கள். யார் எப்படி எழுதினார்கள் என்பதை அட்டையிலேயே கண்டுபிடிக்கலாம். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து, அந்தக் கடைசிப் பெயரின் முதல் எழுத்து. எடுத்துப் பாருங்கள். (என்னுடையதில் அப்பாதான் இருக்கிறார்.)

ஆகவே இனிஷியல் முன்னே பின்னே போனதையெல்லாம் பெரிய குற்றமாக எடுத்துக்கொண்டால் 63 பேருக்கும் மஞ்சள்தான். ஆதாரில் உள்ளபடி பெயர் இருந்தால்தான் பி.எஃப். எண் உருவாகும் என்பதால் அதை மட்டும் எழுத்துக்கு எழுத்து பார்த்தேன். மற்றதில் கொஞ்சம் தாராளம் காட்டினேன். அந்தத் தாராளம்தான் வினை.

மூன்றாம் நாள் மதியம், தயிர் சாதத்துக்குப் பிறகு, நாற்பத்தேழாம் நம்பர் படிவம். பெயரை மாற்றிச் சொல்கிறேன், எஸ். முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவம், ஆதார், பான் எல்லாம் முருகன். பாஸ்புக் நகலில் மட்டும் 'முருகேசன் எஸ்'. பாங்க் குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் இரண்டு எழுத்து அதிகம் அடித்திருப்பார் என்று நினைத்தேன். கணக்கு எண் படிவத்தோடு அப்படியே பொருந்தியது. 'கணக்கில் உள்ள பெயர்' என்ற கட்டத்தில் அந்தப் பிழையைப் பெரிய மனது பண்ணித் திருத்தி, முருகன் என்றே அடித்தேன். மஞ்சள் கிடையாது.

நாமினி: முருகேசன், அண்ணன். அப்போதும் உறைக்கவில்லை பாருங்கள்! ஆபத்துக்கு அழைக்க வேண்டியவர்: மறுபடி முருகேசன், அண்ணன். கூடவே ஒரு மொபைல் எண். இந்த எண்ணை எங்கேயோ பார்த்தோமே என்று மேலே போனால், முருகனின் சொந்த எண்ணும் அதேதான்.

தயிர் சாதம் இறங்கிவிட்டது. பாஸ்புக் நகலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பாக இருந்த போட்டோவில் மீசை தெரிந்தது. ஆதார் பையனுக்கு மீசை இப்போதுதான் யோசித்துக்கொண்டிருக்கிறது.

பாங்கில் இருந்து பாங்குக்குப் பணம் போகும்போது வரவு வைப்பது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான், பெயரைப் பார்த்து அல்ல. அந்தப் பையன் ஒரு மாதம் நின்றுகொண்டே உழைத்த சம்பளம் வேறொருவர் கணக்குக்குச் சத்தமில்லாமல் போயிருக்கும். கம்பெனி ரிக்கார்டில் எல்லாம் சரியாக இருக்கும். சரியாக்கி வைத்த புண்ணியவான் நான்!

ஷிப்ட் முடிந்ததும் பையனை வரவழைத்தான் நண்பன்.

"அண்ணன் சிங்கப்பூர் போயிருக்காரு சார். போறப்போ ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. அப்பா இல்லே. படிக்க வச்சதே அவருதான். அவரு பேர் இருந்தா என்ன சார்?"

என்ன பதில் சொல்வது? நான் தலையைக் குனிந்து ஸ்டேப்ளரை ஆராய்ந்தேன். நண்பன்தான் பொறுமையாகக் கேட்டான்.

"அம்மா?"

"ஊர்ல இருக்காங்க சார். நாங்கதான் பாத்துக்கறோம்."

"தம்பி, சம்பளம் உன் பேர்ல இருக்கிற கணக்குக்குத்தான் போகணும். பி.எஃப். நாமினிக்கு, குடும்பம்னு இருந்தா குடும்பத்துக்குள்ளதான் எழுதணும். உன்னை நம்பி இருக்கிற அம்மா குடும்பம். அண்ணன் அந்தக் கணக்குல வரமாட்டார். அவர் பேரை எழுதினா அது செல்லாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மா ஆபீஸ் ஆபீஸா அலையணும்."

பையன் முகம் சுருங்கியது. "அண்ணன் குடும்பம் இல்லியா சார்?" என்றான். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

"சரி, இங்கே மெஷின்கிட்ட மயக்கம் போட்டு விழுந்துட்டே. இந்த நம்பருக்கு அடிக்கிறோம். எங்கே மணி அடிக்கும்?"

முருகன் யோசித்தான். மெதுவாகத் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மூன்று வேலை கொடுத்து அனுப்பினோம். தன் பெயரில் கணக்கு, நாமினியாக அம்மா, இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஒருவரின் எண். பூந்தமல்லியில் இருக்கும் மாமா நம்பரை அங்கேயே எழுதிக் கொடுத்தான். அம்மா எண்ணை இரண்டாவதாக. "அம்மா சார்ஜ் போட மறந்துருவாங்க சார்."

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? முதல் 46 படிவத்தையும் திரும்ப எடுத்தேன். ஒரே கட்டம் இருந்த இடத்தில் இரண்டு கட்டம் போட்டேன். ஒன்று 'படிவத்தில் உள்ளபடி', இன்னொன்று 'ஆவணத்தில் உள்ளபடி'. பிழையானாலும் பிழையாகவே அடிப்பது, வித்தியாசம் இருந்தால் பக்கத்தில் காரணம் எழுதுவது, திருத்துவதைச் சம்பந்தப்பட்டவனிடம் விடுவது. கடைசியாக, சொந்த எண்ணும் ஆபத்துக்கால எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு வரிச் சூத்திரம்:

```
=IF(D2=H2,"CHECK","")
```

இன்னும் நாலு பேர் மாட்டினார்கள். அதில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் எண்ணைக் கொடுத்திருந்தவர்கள். அது சூத்திரத்தில் சிக்கவில்லை, கண்ணில்தான் சிக்கியது. ஒரே ரூம், ஒரே ஷிப்ட், ஒரே பைக்கில் வருகிறவர்கள். வண்டி சறுக்கினால் இருவரும் ஒன்றாகத்தான் விழுவார்கள்!

25-ம் தேதி முருகன் புதுப் பாஸ்புக்கோடு வந்தான். போட்டோவில் சிரித்திருந்தான். கணக்கு எண்ணை இரண்டு தடவை அடித்துச் சரிபார்த்தேன்.

என் 2,520 ரூபாய்க்கு பில் எழுதி, பாஸ்புக் நகலோடு அக்கவுண்ட்ஸ் பிரிவில் கொடுத்தேன். மறுநாள் நண்பன் போன் பண்ணினான். "பில் திரும்பி வந்துருச்சுடா. பில்லுல இனிஷியல் முன்னாடி இருக்காம், பாஸ்புக்ல பின்னாடி இருக்காம். மஞ்சள் அடிச்சிருக்காங்க."