வாசகர் கேள்வி: பழைய வண்டியை விற்றதற்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ்

கேள்வி: எனக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. ஊரில் உரமும் மாட்டுத் தீவனமும் விற்கும் சிறு கடையும் வைத்திருக்கிறேன். கடைக்கு ஜி.எஸ்.டி. எண் உண்டு. மூட்டை ஏற்றி இறக்க, 2021 ஆகஸ்ட் மாதம் ஒருவரிடம் பழைய குட்டி யானை வண்டி ஒன்றை 3,20,000 ரூபாய்க்கு வாங்கினேன். 2024 செப்டம்பரில் அதை 1,70,000 ரூபாய்க்கு விற்றுவிட்டேன். இப்போது ஜி.எஸ்.டி. அலுவலகத்திலிருந்து ASMT-10 என்ற நோட்டீஸ் வந்திருக்கிறது. வண்டி விற்ற தொகையைக் கணக்கில் காட்டவில்லை, 28 சதவீத வரியாக 47,600 ரூபாயும் வட்டியும் கட்டவேண்டும் என்கிறார்கள். ஒன்றரை லட்சம் நஷ்டத்துக்கு விற்ற வண்டிக்கு எதற்கு வரி? பேசாமல் கட்டிவிட்டுப் போகலாம் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- திண்டுக்கல் மாவட்ட வாசகர்

பதில்: உரக்கடைகளை ஆய்வு செய்யப் போகும் இடங்களில் இதே கேள்வி என்னிடம் வருவதுண்டு. அவசரப்பட்டுப் பணம் கட்டவேண்டாம். நோட்டீஸை மூலையில் போட்டுவிடவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் கணக்கு சரியாக இருந்தால் இந்த விற்பனைக்கு வரி கிடையாது. ஆனால் அதை எழுத்தில், ஆதாரத்தோடு காட்டவேண்டியது உங்கள் பொறுப்பு.

முதலில், இது யாருக்குப் பொருந்தும் என்பதைப் பார்ப்போம். ஜி.எஸ்.டி. எண் இல்லாத விவசாயி தன் வண்டியை விற்றால் இந்தக் கேள்வியே எழாது. உங்களுக்கு எண் இருக்கிறது. வண்டியும் கடைக் கணக்கில் சொத்தாக இருந்தது. அதனால்தான் கேட்கிறார்கள். வருமான வரிக் கணக்கில் 'வண்டி விற்றது 1,70,000' என்று இருக்கிறது, ஜி.எஸ்.டி. கணக்கில் அது இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கேட்பதில் தவறில்லை. முழு விலைக்கும் வரி போட்டதில்தான் தவறு.

பழைய வண்டிக்கென்று தனி விதி இருக்கிறது. 25.01.2018 அன்று வந்த 8/2018 மத்திய வரி (விகிதம்) அறிவிக்கை அது. அதன்படி பழைய வண்டியை விற்கும்போது விற்ற விலை முழுவதற்கும் வரி இல்லை. விற்றதில் கிடைத்த லாபத்துக்கு மட்டுமே வரி. அந்த லாபத்தைக் கணக்கிட இரண்டு வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. வருமான வரிக் கணக்கில் அந்த வண்டிக்குத் தேய்மானம் கழித்திருந்தால், விற்ற விலையிலிருந்து தேய்மானம் போக மீதமுள்ள மதிப்பைக் கழிக்கவேண்டும். தேய்மானம் கழிக்காதவர்கள் விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழிக்கவேண்டும். எந்த வழியிலும் விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று அறிவிக்கையே சொல்கிறது. அதாவது வரி இல்லை.

பலர் தடுமாறும் இடம் இதுதான். நீங்களும் '3,20,000-க்கு வாங்கி 1,70,000-க்கு விற்றேன், ஒன்றரை லட்சம் நஷ்டம்' என்று எழுதியிருக்கிறீர்கள். தேய்மானம் கழித்தவர் அப்படிச் சொல்லமுடியாது. வண்டியின் விலையில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் செலவாகக் காட்டி வருமான வரியில் ஏற்கெனவே குறைத்துக்கொண்டிருக்கிறார். மிச்சமிருக்கும் மதிப்புதான் இன்றைக்கு அவருடைய அடக்கவிலை. தேய்மானம் அதிகமாகக் கழித்திருந்தால் அடக்கம் குறையும், விற்கும்போது லாபம் தோன்றும். ஆகவே பதில் எழுதும் முன் உங்கள் வருமான வரிக் கணக்கில் உள்ள தேய்மானப் பட்டியலை ஆடிட்டரிடம் வாங்கிப் பாருங்கள்.

சொந்தக் கடை வேலைக்கு ஓடும் சரக்கு வண்டிக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்த ஆண்டுக்கு மட்டும் அதில் பாதி. ஆகஸ்டில் வாங்கி மார்ச் வரை ஓடியது 180 நாளுக்கு மேல் என்பதால் உங்களுக்கு முழுத் தேய்மானம் வரும். கணக்கு இப்படிப் போகும்:

2021-22: வாங்கியது 3,20,000, தேய்மானம் 48,000, மீதி 2,72,000
2022-23: தேய்மானம் 40,800, மீதி 2,31,200
2023-24: தேய்மானம் 34,680; மீதி 1,96,520

2024-25-ல் வண்டியை விற்றுவிட்டதால் அந்த ஆண்டுக்குத் தேய்மானம் இல்லை. ஆகவே விற்ற நாளில் மதிப்பு 1,96,520. விற்றது 1,70,000. உங்களுக்கு 26,520 ரூபாய் குறைவாகவே கிடைத்திருக்கிறது. லாபம் இல்லை, வரியும் இல்லை.

இதையே வேறு விதமாகவும் பார்த்துவிடுவோம். வாடகைக்கு ஓட்டும் சரக்கு வண்டிக்கு 30 சதவீதம் தேய்மானம் உண்டு. உங்கள் கணக்கில் அந்த விகிதத்தில் கழித்திருந்தால் மீதி 2,24,000, பிறகு 1,56,800, பிறகு 1,09,760 என்று இறங்கிவிடும். அப்போது 1,70,000-க்கு விற்றதில் 60,240 ரூபாய் லாபம் வருகிறது. அதற்கு வரி கட்டத்தான் வேண்டும். நீங்கள் விற்ற நாளில் இந்த வகை பழைய வண்டிக்கு விகிதம் 12 சதவீதம். வரி சுமார் 7,229 ரூபாய், அதோடு வட்டி. 16.01.2025 முதல் எல்லாப் பழைய வண்டிக்கும் 18 சதவீதம் ஆகிவிட்டது. ஆனால் உங்கள் விற்பனை அதற்கு முந்தையது. இந்த நிலை இருந்தால் 47,600-ஐ எதிர்த்து, 7,229-ஐ ஒப்புக்கொண்டு கட்டிவிடுவதுதான் முறை. பட்டியலில் ஒன்று இருக்க, பதிலில் வேறொன்று எழுதினால் பட்டியலை வைத்தே உங்களை மடக்கிவிடுவார்கள்.

சிறு கடைக்காரர்கள் சிலர் தனியாகக் கணக்கு எழுதாமல், மொத்த விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று 44ஏடி பிரிவில் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள். அவர்களிடம் தேய்மானப் பட்டியல் இருக்காது. ஆனால் தேய்மானம் கழித்ததாகவே வைத்து மதிப்பைக் குறைக்கவேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஆகவே அவர்களும் மேலே உள்ளது போல ஒரு பட்டியல் போட்டு, அதன்படியும் லாபம் இல்லை, வாங்கிய விலையை வைத்துப் பார்த்தாலும் லாபம் இல்லை என்று இரண்டையும் காட்டுவது பாதுகாப்பு.

இந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வண்டி வாங்கியபோது கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருக்கக்கூடாது. ஷோரூமில் புதிய சரக்கு வண்டி வாங்கி, அந்த வரவை எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த வழி அடைபட்டுவிடும். அவர்களுக்குக் கணக்கு வேறு. நீங்கள் ஜி.எஸ்.டி. எண் இல்லாத தனி ஆளிடம் வாங்கியிருந்தால், அவர் வரி போட்டுப் பில் தந்திருக்க முடியாது, நீங்கள் வரவு எடுத்திருக்கவும் முடியாது. அதைப் பதிலில் ஒரு வரியாக எழுதி, வாங்கிய மாதத்தின் வரவுப் பேரேட்டு நகலை வையுங்கள்.

இணைக்கவேண்டிய மற்ற ஆதாரங்கள்: உங்கள் பெயருக்கு மாறிய ஆர்.சி. நகல், பழைய உரிமையாளருக்குப் பணம் போனதைக் காட்டும் வங்கிக் கணக்குப் பக்கம், மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கின் தேய்மானப் பக்கம், விற்றபோது கையெழுத்திட்ட படிவம் 29, 30 நகல், விற்ற பணம் வந்த வங்கிப் பக்கம். ஒரு பகுதியை ரொக்கமாக வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து முழுத் தொகையையே எழுதுங்கள். வங்கியில் வந்ததை மட்டும் விலையாகக் காட்டினால், வருமான வரிக் கணக்கில் இருக்கும் 1,70,000-க்கும் அதற்கும் பொருந்தாமல் போகும்.

பதிலை நேரில் கொடுத்தால் மட்டும் போதாது. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, Services, User Services, View Additional Notices/Orders என்று போனால் நோட்டீஸ் இருக்கும். அதைத் திறந்து REPLIES பகுதியில் ASMT-11 படிவத்தில் பதிலை ஏற்றவேண்டும். நோட்டீஸில் குறித்துள்ள நாளுக்குள் செய்யவேண்டும். அது 30 நாளுக்கு மிகாமல் இருக்கும். ஏற்றிய பிறகு கிடைக்கும் ஒப்புகை எண்ணைக் குறித்துவையுங்கள். பதிலின் வாசகம் இந்த அளவில் இருந்தால் போதும்:

"ஐயா, தாங்கள் குறிப்பிட்ட சரக்கு வண்டி 2021 ஆகஸ்டில் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத நபரிடம் 3,20,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. உள்ளீட்டு வரி வரவு எடுக்கப்படவில்லை. வருமான வரிச் சட்டம் 32-ஆம் பிரிவின்படி தேய்மானம் கழித்த பின் விற்ற நாளில் மதிப்பு 1,96,520 ரூபாய். விற்ற விலை 1,70,000 ரூபாய். 8/2018 மத்திய வரி (விகிதம்) அறிவிக்கையின் விளக்கத்தின்படி லாபம் எதிர்மறையாக இருப்பதால் வரி ஏதும் எழவில்லை. இதே கணக்கு மாநில வரிக்கும் பொருந்தும். ஆதாரங்கள் இணைக்கப்பட்டுள்ளன. மேல் நடவடிக்கையைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பதிலை ஏற்றுக்கொண்டால் அதிகாரி ASMT-12 படிவத்தில் முடிவைத் தெரிவிப்பார். அது வந்தால்தான் விஷயம் முடிந்தது, பத்திரமாக வையுங்கள். பதில் போடாமல் விட்டால் அடுத்து DRC-01 என்ற காரணம் கேட்கும் நோட்டீஸ் வரும். அதையும் விட்டால் உத்தரவே வந்துவிடும். அதன் பிறகு மேல்முறையீடு செய்ய, கேட்ட வரியில் 10 சதவீதம் முன்கூட்டியே கட்டவேண்டியிருக்கும். இப்போது ஒரு பக்கப் பதிலில் முடிகிற வேலை அப்போது செலவில் போய் நிற்கும்.

வருமான வரியைப் பற்றியும் உங்களுக்குக் கவலை இருக்கலாம். அங்கும் விற்ற தொகை மீதமுள்ள மதிப்பைவிடக் குறைவு என்பதால் லாபம் எழவில்லை. ஆனால் 2024-25 கணக்கில் 1,70,000-ஐ வண்டி விற்றதாகக் கழித்துக் காட்டியிருக்கிறார்களா என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேளுங்கள். விற்ற வண்டிக்கே தொடர்ந்து தேய்மானம் போட்டுக்கொண்டிருக்கும் கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் அதைத் திருத்திவிட்டு, அதே எண்களை ஜி.எஸ்.டி. பதிலிலும் எழுதுங்கள்.