‘ம்ம்’ என்றால் ‘ஓம்’ இல்லை

நாங்கள் நாலு வரி அனுப்ப, அங்கிருந்து ‘ம்ம்’, ‘ஹாஹா’, ‘பாப்பம்’ என்று வருகிறது. மரியாதையான பதில்தான், ஆனால் திருப்பி ஒரு கேள்வி வராது. ‘சனிக்கிழமை தேத்தண்ணி குடிப்பமா?’ என்றால் ‘அண்டைக்கு வேலை’ என்பதோடு முடியும். விருப்பமிருந்தால் ‘ஞாயிறு ஏலுமா?’ என்று கேட்டிருப்பார். ஒரே வகுப்பில் இருந்துகொண்டு முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்பது லேசில்லை. அதனால்தான் இந்த மழுப்பல்.

அதோட நிப்பாட்டுவம். ‘ஏன் கதைக்கிறேல்ல?’ என்று விளக்கம் கேட்டால், அவர் தவிர்த்த ‘வேண்டாம்’ஐ வற்புறுத்திச் சொல்ல வைக்கிறோம். ‘சரி, வேலையைப் பாருங்கோ. வகுப்பில சந்திப்பம்’ என்று பதில் தேவைப்படாத ஒரு வரி போதும். பிறகு ஸ்டோரிக்கெல்லாம் இதயம் போடாமல் இருப்பம். நேரில் கண்டால் வழக்கம்போலச் சிரிப்பம். முகத்தைத் திருப்பினால் அது தண்டனை.